விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் லாபம் எவ்வளவு குறையும்? ஆப்பரேட்டிங் லெவரேஜ்: கேள்வி-பதில்

ஆப்பரேட்டிங் லெவரேஜ் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே நிறுவனத்தின் கணக்கு போதும். அந்த நிறுவனம் ஒரு பொருளை 1 என்ற விலையில் ஆண்டுக்கு 1000 எண்ணிக்கை விற்கிறது; ஆகவே அதன் விற்பனை 1000. மூலப்பொருள், கூலி, பொதிவு, அனுப்பும் செலவு என விற்பனையோடு ஏறி இறங்கும் மாறும் செலவுகள் 600. வாடகை, தேய்மானம், அலுவலகச் சம்பளம், காப்பீடு போன்ற நிலையான செலவுகள் 300. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இயக்க லாபம் 100.

கேள்வி: இந்த நிறுவனத்தின் லெவரேஜ் அளவு 4 என்கிறார்கள். அந்த 4 எங்கிருந்து வருகிறது? அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைப்பது பங்களிப்பு. இங்கே அது 400. அந்தப் பங்களிப்பை இயக்க லாபமான 100ஆல் வகுத்தால் 4 வருகிறது. விற்பனை ஒரு சதவீதம் மாறினால் இயக்க லாபம் ஏறத்தாழ நான்கு சதவீதம் மாறும் என்பதே இதன் பொருள். எனவே விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் லாபம் நாற்பது சதவீதம் குறைய வேண்டும்.

சரிபார்ப்பதும் எளிது. விற்பனை 900 ஆகும்போது மாறும் செலவு 540 ஆகக் குறைகிறது, பங்களிப்பு 360 ஆகிறது, நிலையான செலவு 300 அப்படியே நிற்கிறது, மீதி லாபம் 60. விற்பனையில் போனது 100. அதில் 60ஐ மாறும் செலவுக் குறைவு ஈடுகட்டிவிட்டது. ஈடுகட்டப்படாத 40 முழுவதும் லாபத்திலிருந்து போயிற்று. லாபம் மொத்தமே 100 என்பதால்தான் அந்த 40 இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இதே நிறுவனத்தின் நிலையான செலவு 100 ஆகவும் மாறும் செலவு 800 ஆகவும் இருந்திருந்தால் லாபம் அதே 100தான். ஆனால் லெவரேஜ் அளவு 2, விற்பனை பத்தில் ஒரு பங்கு குறையும்போது லாபம் இருபது சதவீதம் மட்டுமே குறையும்.

கேள்வி: அடுத்த ஆண்டும் விற்பனை இதே அளவு சரிந்தால், லாபம் மறுபடியும் நாற்பது சதவீதம்தான் குறையுமா?

இல்லை. 4 என்பது விற்பனை 1000 ஆக இருக்கும் இடத்தில் எடுத்த அளவு மட்டுமே; விற்பனை நகர்ந்தவுடன் அளவும் நகர்ந்துவிடுகிறது. விற்பனை 900இல் பங்களிப்பு 360, லாபம் 60. எனவே லெவரேஜ் அளவு 6. அங்கிருந்து இன்னொரு பத்து சதவீதம் குறைந்து விற்பனை 810 ஆனால், பங்களிப்பு 324, லாபம் 24. அதாவது லாபம் அறுபது சதவீதம் சரிகிறது. 810இல் அளவு 13.5 ஆகிவிடுகிறது, மூன்றாவது சரிவில் விற்பனை 729க்கு வரும்போது நிறுவனம் 8.4 நட்டத்தில் நிற்கும்.

இந்த நிறுவனத்துக்கு லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் போகும் விற்பனை 750. அந்த எல்லையை நெருங்க நெருங்க வகுக்கும் எண்ணான லாபம் சுருங்குவதால் லெவரேஜ் அளவு கட்டுக்கடங்காமல் ஏறும். எல்லையைக் கடந்து நட்டத்துக்குள் சென்றபின் அது எதிர்ம எண்ணாக வரும், அதற்குப் பயனுள்ள பொருள் எதுவும் கிடையாது. அந்தப் பகுதியில் சதவீதத்தை விட்டுவிட்டுத் தொகையாகவே கணக்கிடுவது நல்லது: விற்பனையில் குறையும் ஒவ்வொரு 100க்கும் லாபத்தில் 40 போகும் என்பது 1000இலும் உண்மை, 760இலும் உண்மை.

1ஐ லெவரேஜ் அளவால் வகுத்தால், லாபம் முழுவதும் கரைய விற்பனை எத்தனை பங்கு குறைய வேண்டும் என்பது நேரடியாகக் கிடைத்துவிடும். 1000இல் அளவு 4, எனவே கால் பங்கு குறைந்தால் லாபம் பூஜ்யம். அளவு 10ஐத் தாண்டிய நிறுவனத்துக்கோ பத்தில் ஒரு பங்குச் சரிவே நட்டத்தைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: எங்கள் விற்பனை சரியாகப் பத்து சதவீதம்தான் குறைந்தது, லெவரேஜ் அளவும் 4தான். ஆனால் லாபம் முழுவதும் போய்விட்டது. கணக்கில் எங்கே தவறு?

கணக்கில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. விற்பனை எப்படிக் குறைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லெவரேஜ் அளவு பேசுவது விற்ற எண்ணிக்கையைப் பற்றி மட்டுமே. விலை மாறாமல் 1000க்குப் பதில் 900 விற்றால், விற்காத 100 பொருள்களுக்கான மூலப்பொருளும் கூலியும் மிச்சமாகின்றன. நீங்களோ பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்து அதே 1000ஐ விற்றிருக்கலாம். அப்போதும் விற்பனைத் தொகை 900தான். ஆனால் 1000 பொருள்களையும் செய்தாக வேண்டும் என்பதால் மாறும் செலவு 600 குறையவே குறையாது. பங்களிப்பு 300, நிலையான செலவு 300, லாபம் பூஜ்யம்.

இரண்டு ஆண்டுகளின் விற்பனைத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு நிலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். விலை குறைவதன் தாக்கத்தை அறிய, பங்களிப்பை அல்ல, விற்பனை முழுவதையும் லாபத்தால் வகுக்க வேண்டும்; இங்கே அது 10. பத்து சதவீத விலைக்குறைப்பு லாபத்தை நூறு சதவீதம் கரைப்பது அதனால்தான்.

விற்பனைப் பிரிவினர் தள்ளுபடி கேட்கும்போது, அதை ஈடுகட்ட எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டும் என்பதையும் இதே கணக்கில் காட்டிவிடலாம். விலை 0.90 ஆனால் ஒரு பொருளின் பங்களிப்பு 0.40இலிருந்து 0.30 ஆகிறது. பழைய 400 பங்களிப்பைத் திரும்பப் பெற 1333 பொருள்கள் விற்க வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். பத்து சதவீதத் தள்ளுபடிக்குப் பத்து சதவீதக் கூடுதல் விற்பனை போதும் என்ற எண்ணம் பல நிறுவனங்களில் விவாதமே இல்லாமல் ஏற்கப்படுகிறது. அது பெரும் சேதத்தைச் செய்கிறது.

கேள்வி: தொழிலாளர் கூலியை மாறும் செலவாக எடுப்பதா, நிலையான செலவாக எடுப்பதா?

எவ்வளவு காலத்துக்குக் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விற்பனை மூன்று மாதம் மந்தமாக இருக்கிறது என்பதற்காகப் பயிற்சி பெற்ற தொழிலாளர்களை அனுப்பிவிட முடியாது. அனுப்பினால் மீண்டும் கிடைக்கமாட்டார்கள். அந்த மூன்று மாதத்துக்குக் கூலி நிலையான செலவுதான், கணக்குப் புத்தகம் அதை எந்தத் தலைப்பில் வைத்திருந்தாலும். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக் கொடுக்கும் கூலியோ, மிகைநேரக் கூலியோ விற்பனையோடு சேர்ந்து உண்மையாகவே குறையும்.

இந்தப் பிரிவினையில் ஏற்படும் பிழை சிறியதல்ல. நம் நிறுவனத்தின் 600இல் 150 இப்படிப்பட்ட நிரந்தரத் தொழிலாளர் கூலி என்று வைத்துக்கொள்வோம். அதை இடம் மாற்றினால் மாறும் செலவு 450, நிலையான செலவு 450, பங்களிப்பு 550. லாபம் அதே 100. லெவரேஜ் அளவு 5.5 ஆகிவிடுகிறது. விற்பனை பத்தில் ஒரு பங்கு குறையும்போது லாபம் 60க்கு அல்ல, 45க்கு வந்து நிற்கும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாமல், செலவின் தன்மையைச் சரியாகப் புரிந்துகொண்டதாலேயே வந்த வித்தியாசம் இது. ஆகவே ஒவ்வொரு செலவுத் தலைப்பையும் பார்த்து, ‘அடுத்த காலாண்டில் பத்தில் ஒரு பங்கு குறைவாக விற்றால், இந்தத் தொகை தானாகவே குறையுமா, அல்லது யாராவது ஒரு முடிவெடுத்தால்தான் குறையுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். முடிவெடுக்க வேண்டியவை எல்லாம் இந்தக் கணக்குக்கு நிலையான செலவுகளே.

கேள்வி: லாப மாற்றச் சதவீதத்தை விற்பனை மாற்றச் சதவீதத்தால் வகுத்தால் லெவரேஜ் அளவு கிடைக்கும் என்று படித்தேன். விற்பனை 1000இலிருந்து 1050, லாபம் 100இலிருந்து 102. விடை 0.4 வருகிறது. இது குறைந்த அபாயத்தைக் காட்டுகிறதா?

இல்லை. நிலையான செலவு சிறிதேனும் உள்ள, லாபத்தில் இயங்கும் நிறுவனத்துக்கு இந்த அளவு 1க்குக் கீழே வர முடியாது. நீங்கள் பயன்படுத்திய சூத்திரம், விலை, ஒரு பொருளுக்கான செலவு, நிலையான செலவு ஆகிய மூன்றும் இரண்டு ஆண்டுகளிலும் மாறாமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். 0.4 வந்ததிலிருந்தே அவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று தெரிகிறது.

விற்ற எண்ணிக்கை மட்டும் ஐந்து சதவீதம் கூடியிருந்தால் லாபம் 120 ஆகியிருக்க வேண்டும், வந்தது 102. காணாமல் போன 18 எங்கே என்பதைத் தேடுங்கள். வாடகையோ சம்பளமோ ஏறி நிலையான செலவு 318 ஆகியிருந்தால், இவ்வாண்டின் அளவு 420ஐ 102ஆல் வகுக்க 4.1. மாறாக மூலப்பொருள் விலை ஏறிப் பங்களிப்பு 402 ஆகக் குறைந்திருந்தால், அளவு 3.9. எப்படிப் பார்த்தாலும் அது 4ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இதை 0.4 என்று நம்புபவர், அடுத்த பத்து சதவீதச் சரிவில் லாபம் நான்கு சதவீதம் மட்டுமே குறையும் என்று எதிர்பார்த்திருப்பார்.

கேள்வி: விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்த ஆண்டில் எங்கள் லாபம் 60 ஆகாமல் 80 ஆக இருந்தது. சரிவைச் சமாளித்துவிட்டோம் என்று கொள்ளலாமா?

கிடங்கைப் பார்க்காமல் அப்படிக் கொள்ள வேண்டாம். உற்பத்தியை 1000இலேயே வைத்துக்கொண்டு 900 விற்றிருந்தால், 100 பொருள்கள் இருப்பில் உள்ளன. தொழிற்சாலையின் நிலையான செலவும் பொருளின் அடக்கவிலையில் சேர்க்கப்படுவதால், அந்த 100 பொருள்கள் அதில் ஒரு பகுதியைத் தங்களோடு வைத்திருக்கும். 300இல் தொழிற்சாலைக்கு உரியது 200 என்றால், இருப்போடு ஒதுங்கியது 20. அதுவே உங்கள் 60க்கும் 80க்கும் இடையிலான வித்தியாசம். அந்த 20 மிச்சமாகவில்லை. அந்த இருப்பு விற்கும் ஆண்டின் லாபத்தில் அது செலவாக வந்து சேரும். உற்பத்தியையும் 900 ஆகக் குறைத்திருந்தால் இந்த ஆண்டே 60ஐப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: கடன் வட்டியையும் நிலையான செலவில் சேர்க்கலாமா?

ஆப்பரேட்டிங் லெவரேஜில் சேர்க்கக்கூடாது. வட்டி கட்டியபின் என்ன மிஞ்சும் என்பதே உங்கள் கேள்வி என்றால், பங்களிப்பை வட்டிக்குப் பிந்தைய, வரிக்கு முந்தைய லாபத்தால் வகுக்கலாம். ஆண்டு வட்டி 50 என்றால் அந்த லாபம் 50, அளவு 8. விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இயக்க லாபம் 60, வட்டி போக 10. அதாவது எண்பது சதவீதச் சரிவு. கடன் கொடுத்தவர் இதைத்தான் பார்ப்பார்.