80 டெஸ்ட் பேக்கேஜா, டாக்டர் எழுதியதை மட்டுமா?

"அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் ஆறு டெஸ்ட் எழுதியிருக்கிறார். லேபில் 1,499 ரூபாய்க்கு 80 டெஸ்ட், வீட்டுக்கு வந்து எடுப்பது இலவசம் என்கிறார்கள். எது லாபம்?"

முதலில் அந்த 80 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் எத்தனை வரி வருகிறதோ அத்தனை டெஸ்ட் என்று கணக்குக் காட்டுகிறார்கள். ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றிலேயே இருபது வரிக்கு மேல் வந்துவிடும். கொழுப்புப் பரிசோதனையில் மொத்தக் கொழுப்பு, எச்டிஎல், டிரைகிளிசரைடு மூன்றையும்தான் பெரும்பாலும் அளப்பார்கள். விஎல்டிஎல், விகிதங்கள் எல்லாம் அவற்றிலிருந்து போடும் கணக்கு. எல்டிஎல்கூடப் பல லேப்களில் அப்படித்தான். பிரித்துப் பார்த்தால் 80 என்பது எட்டுப் பத்து டெஸ்ட்தான்.

அடுத்து, டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேக்கேஜ் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். என் அப்பாவுக்கும் ஏறக்குறைய இதே சீட்டுதான். எங்கள் பகுதி லேபில் தனித்தனி விலை: வெறும் வயிற்றுச் சர்க்கரை 80, சாப்பிட்ட பின் 80, மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 450, கிரியாட்டினின் 150, கொழுப்பு 500, சிறுநீரில் மைக்ரோ அல்புமின் 450. மொத்தம் 1,710 ரூபாய். பேக்கேஜ் மலிவு போலத்தான் தெரியும். ஆனால் அதில் சாப்பிட்ட பின் சர்க்கரையும் மைக்ரோ அல்புமினும் இல்லை. பேக்கேஜில் 'யூரின் ரொட்டீன்' இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆரம்பக் கட்டத்தில் கசியும் சிறிதளவு அல்புமின் அதில் தெரியாமல் போகலாம். இந்த இரண்டையும் சேர்த்தால் பேக்கேஜ் 2,029 ஆகிவிடுகிறது.

வீட்டுக்கு வரும் கட்டணத்தையும் ஒரு முறைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எங்களுக்கு 150. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு தடவை வருவார்கள். தனித்தனியாக எடுத்தால் 1,710 + 300 = 2,010. பேக்கேஜில் முதல் வருகைதான் இலவசம், எனவே 2,179. அப்பாவால் நடக்க முடிந்தால் இரண்டாவது சாம்பிளை லேபிலேயே கொடுத்து 150 மிச்சப்படுத்தலாம்.

இதுவே சீட்டில் தைராய்டு, வைட்டமின் டி, பி12 இருந்து, அவை பேக்கேஜிலும் இருந்தால் யோசிக்காமல் பேக்கேஜ் எடுங்கள். அவை தனியாக எடுக்க விலை அதிகம்.

அப்புறம் ஒன்று. வீட்டில் எடுக்கும்போது சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடிக் குழாயில் போகிறதா என்று பாருங்கள். அதில் ஃப்ளோரைடு இருக்கும். அது இல்லாத சாதாரணக் குழாயில் எடுத்து, நாலைந்து வீடு சுற்றிவிட்டு லேபுக்குக் கொண்டுபோனால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும்; ரிப்போர்ட்டில் அளவு குறைத்துக் காட்டும். எச்பிஏ1சி கூடுதலாக இருந்து வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், இதனாலும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டி, லேபுக்கே போய் இன்னொரு முறை எடுங்கள், 80 ரூபாய்தான்.