இலண்டன் அழைப்பு நினைவூட்டல் ஒரு மணித்தியாலம் பிந்துவது / முந்துவது

“களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். இலண்டனிலுள்ள மகளுக்குத் தினமும் பகல் 12 மணிக்கு அழைக்க அலாரம் வைத்தேன். ஒக்டோபர் கடைசியிலிருந்து அவள் நித்திரையில் இருக்கிறாள். ஏன்?”

உங்கள் அலாரம் சரியாகத்தான் ஒலிக்கிறது. மாறியது இலண்டன் நேரம். அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே திருப்புகிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. ஆகவே கோடையில் நாலரை மணித்தியாலமாக இருக்கும் இடைவெளி குளிர்காலத்தில் ஐந்தரையாகிறது. முன்பு உங்கள் நண்பகல் மகளுக்குக் காலை 7.30, இப்போது 6.30.

கைத்தொலைபேசி அலாரம் உள்ளூர் நேரத்தை மட்டுமே அறியும். அதை நீக்கிவிட்டு, Google Calendar-இல் ஒரு நிகழ்வை உருவாக்கி, நேரத்துக்குக் கீழேயுள்ள நேரவலயத்தில் London என்று தேடி ஐக்கிய இராச்சிய நேரத்தைத் தெரிவுசெய்த பின், காலை 7.30 எனக் குறித்து, தினமும் மீள நிகழுமாறு அமையுங்கள். வெறும் GMT வலயத்தைத் தெரிவுசெய்ய வேண்டாம். அது கோடையிலும் நகராது என்பதால் மார்ச் கடைசியில் இதே சிக்கல் மறுபக்கமாக வரும். (நானும் முதலில் அதில்தான் ஏமாந்தேன்.)

சரிபார்ப்பதற்கு 2027 மார்ச் 27, 28 ஆகிய நாட்களைத் திறந்து பாருங்கள்: சனிக்கிழமை பகல் 1 மணியிலும் ஞாயிறு பகல் 12 மணியிலும் நிகழ்வு தெரிய வேண்டும். இரண்டு நாளும் ஒரே நேரம் காட்டினால் வலயம் தவறு. அறிவித்தலை “0 நிமிடம் முன்” என வைக்கவும் மறக்காதீர்கள். காலண்டர் அறிவித்தல் அலாரம்போல விடாமல் ஒலிக்காது, ஒருமுறை ஒலித்து நின்றுவிடும்.