பாண்டை முறித்து வெளிநாடு போகும்போது எவ்வளவு கட்டுவது, எப்படி எழுதி வாங்குவது?

கேள்வி: மூன்று வருட பாண்டு போட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். இடையில் விலகினால் ஆறு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அப்பாவும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 22 மாதம் முடிந்துவிட்டது, நோட்டீஸ் இரண்டு மாதம். இப்போது வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. எச்.ஆரில் "முழுத் தொகையும் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர்" என்று வாயால் சொல்கிறார்கள். குறைத்துப் பேச முடியுமா? கட்டாமலே கிளம்பிவிட்டால் என்ன ஆகும்?

பதில்: கட்டாமல் கிளம்பும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அப்பா ஊரில்தான் இருப்பார். ஜாமீன் போட்டவரிடம் நிறுவனம் நேரடியாகவே பணம் கேட்கலாம். உங்களைத் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் அவர் பெயருக்கு வந்து நிற்கும்.

ஆனால் முழு ஆறு மாதச் சம்பளத்தையும் எடுத்து நீட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பாண்டைக் காட்டி உங்களைத் தொடர்ந்து வேலை செய்ய வைக்க முடியாது, பணம்தான் கேட்க முடியும். அந்தப் பணத்துக்கும் அளவு உண்டு. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். உங்கள் வேலை மலேசியாவில் என்றால், அங்கே 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவும் ஏறக்குறைய இதே வாசகம். அதற்காக "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகியவர் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, ஆளெடுப்புக்கே பெரிய நடைமுறையும் செலவும் உண்டு என்பதும், அந்த ஊழியரின் பதவிக்கும் சம்பளத்துக்கும் தொகை அதிகமில்லை என்பதும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டன. உங்களுடையது தனியார் நிறுவனம் என்பதால், அவர்களுக்கு உண்மையில் என்ன செலவானது என்பதுதான் பேச்சின் மையம்.

சரி, கணக்குக்கு வருவோம். நோட்டீஸ் காலத்தை முழுதாக வேலை பார்த்துக் கழியுங்கள். அந்த இரண்டு மாதமும் பாண்டு காலத்தில் சேரும், 22 என்பது 24 ஆகிவிடும். அவசரமாகக் கிளம்பினால் பாண்டுத் தொகையோடு நோட்டீஸ் சம்பளமும் தனியாகப் பிடிப்பார்கள்; உங்கள் கணக்கில் அது பாண்டில் கட்ட வேண்டியதைவிடப் பெரிதாகக்கூட ஆகலாம். புது நிறுவனத்திடம் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதுதான் இதில் மலிவான வழி.

36 மாதத்தில் 24 போனால் மீதி மூன்றில் ஒரு பங்கு. பத்திரத் தொகையான ஆறு மாதச் சம்பளத்தில் அது இரண்டு மாதச் சம்பளம். இது உங்கள் மேல் எல்லை. அடுத்து, பயிற்சிக்கு என்ன செலவு செய்தார்கள் என்று கேளுங்கள்: வெளியாள் நடத்திய வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயணச் செலவு. சேர்ந்த புதிதில் கொடுத்த சம்பளத்தையும் பயிற்சிச் செலவு என்று சேர்க்கப் பார்ப்பார்கள். அப்போது நீங்கள் வேலையும் செய்திருந்தால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பேச்சுக்கு இதெல்லாம் மூன்று மாதச் சம்பளம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு மாதச் சம்பளம், இது உங்கள் முதல் ஆஃபர். பேச்சு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். பத்திரத்திலேயே விகிதாசாரக் குறைப்பு இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று கவனியுங்கள்: விசா கைக்கு வரும்வரை இதில் எதையும் தொடங்காதீர்கள். வந்தபின் ராஜினாமாக் கடிதம் தனி, பாண்டு பற்றிய மின்னஞ்சல் தனி. ராஜினாமாவில் பாண்டைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"என் ராஜினாமாவைத் தொடர்ந்து, பணி ஒப்பந்தத்தின் பாண்டு நிபந்தனை குறித்து எழுதுகிறேன். நோட்டீஸ் காலம் முடியும்போது 36 மாதத்தில் 24 மாதம் பணி செய்திருப்பேன். எனக்காகச் செய்த பயிற்சிச் செலவின் விவரத்தை ரசீதுகளுடன் ஏழு நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல், சமரசத்துக்காக மட்டும், ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான தொகையை முழு இறுதித் தீர்வாகத் தர முன்வருகிறேன்."

"நான் தர வேண்டிய தொகை", "பாக்கி" போன்ற சொற்களைத் தவிர்த்ததைக் கவனித்திருப்பீர்கள். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதுவே பிறகு உங்களுக்கு எதிரான ஆதாரம். எச்.ஆர். போனில் கூப்பிட்டுப் பேசினால் மரியாதையாகப் பேசுங்கள். அன்றே "நாம் இன்று பேசியது" என்று சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ரசீது கேட்டதும் சத்தம் குறைவதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். காட்ட ரசீது இல்லாதவர்கள் தொகையைக் குறைப்பார்கள், அல்லது பதிலே போட மாட்டார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மேலாளரையும் சேர்த்து நினைவூட்டுங்கள்.

பேச்சு ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே பணம் அனுப்பாதீர்கள். நிறுவன லெட்டர்ஹெட்டில், கையெழுத்து அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்ட தீர்வுக் கடிதம் முதலில் வர வேண்டும். தொகை, கட்டும் தேதி, இதற்கு மேல் உங்களிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் எந்தத் தேதிக்குள் என்ற வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது ஜாமீன்தாரர் விஷயத்தைத்தான். அப்பாவின் பெயரைக் குறிப்பிட்டு, அவருடைய ஜாமீன் பொறுப்பும் முடிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். சேரும்போது காசோலையோ அசல் சான்றிதழோ கொடுத்திருந்தால் அவற்றைத் திருப்பித் தரும் தேதியும் வேண்டும். அவர்கள் பிடிவாதமாக முழுத் தொகை கேட்டு, உங்களுக்கும் பயணத் தேதி நெருங்கிவிட்டால், "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டலாம். பிறகு கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வழக்கு நடத்தித் திரும்ப வாங்குவது லேசில்லை.

பணத்தைக் கடைசி மாதச் சம்பளத்திலும் விடுப்புப் பணத்திலும் கழிக்கச் சொன்னால் கையிலிருந்து போவது குறையும். அந்தக் கழிவைச் செட்டில்மென்ட் தாளில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். வேலை இந்தியாவில் என்றால், தொகையின் மேல் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாண்டை முறித்ததற்காக ஊழியர் கட்டும் பணத்துக்கு அந்த வரி கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. புது நிறுவனம் "நாங்கள் கட்டுகிறோம்" என்றால் சந்தோஷம்தான். அப்புறம், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று அங்கே ஒரு வரி இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் ஒரு பாண்டை இன்னொரு பாண்டால் அடைக்கிறீர்கள்.

கடைசி நாளில் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். அதற்கு முன்பே பாண்டுப் பத்திரம், உங்கள் மின்னஞ்சல்கள், அவர்களின் பதில்கள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சொந்த முகவரியில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்வுக் கடிதத்தின் ஒரு பிரதி அப்பாவிடமும் இருக்கட்டும்.