டேபிள் டாப் பேசினும் ஆத்தாவின் முழங்கையும்

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பழைய வீட்டு இரண்டாங்கட்டில், சாப்பிட்டுக் கை கழுவ ஒரு வாஷ் பேசின் வைக்கப் போகிறோம். பெடஸ்டல், டேபிள் டாப், சுவரில் மாட்டுவது, இதில் எது சரிவரும்? குழாய் எவ்வளவு உயரம் வேண்டும்? கீழே என்ன ஃபிட்டிங் போடுவது?

பெடஸ்டல் வாங்குங்கள். எங்கள் வீட்டில் நான் முதலில் வைத்தது டேபிள் டாப். அதில் பட்டதைச் சொன்னால் குழாய் உயரமும் கீழ் ஃபிட்டிங்கும் தானாகவே புரியும்.

கடையில் பார்த்ததும் பிடித்துப்போய், ஐந்தரை அங்குல உயரமுள்ள வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்தேன். கொத்தனார் வழக்கம்போல 32 அங்குலத்தில் கிரானைட் பலகையைப் பதித்துவிட்டுப் போயிருந்தார். அதன்மேல் கிண்ணத்தை உட்கார வைத்ததும் விளிம்பு 37½ அங்குலத்துக்குப் போய்விட்டது. ஆத்தா ஐந்தடிக்கும் குறைவு. சாப்பிட்டுவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக் கழுவினால், தண்ணீர் விரலிலிருந்து பாத்திரத்தில் விழாமல் முழங்கை வழியாகப் புடவையில் இறங்கியது. இரண்டே நாளில், “எனக்குப் பின்கட்டுக் குழாயே போதும்ப்பா” என்று சொல்லிவிட்டார்கள்.

தவறு எங்கே என்றால், நாம் அளக்க வேண்டியது பலகையின் உயரத்தை இல்லை, விளிம்பின் உயரத்தை. பெரியவர்கள் நின்று கை கழுவத் தரையிலிருந்து விளிம்பு 32 முதல் 34 அங்குலம் இருந்தால் வசதி. பலகைக்குள் இறக்கிப் பதிக்கும் பேசினில் பலகையும் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அதனால் கொத்தனார் கணக்கு அங்கே சரி. மேலே உட்காரும் கிண்ணத்துக்கு அதன் உயரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எனக்கு 33 வேண்டும், கிண்ணம் ஐந்தரை, ஆகப் பலகை 27½ அங்குலத்தில் வந்திருக்க வேண்டும். பலகையைப் பெயர்த்து மறுபடி பதித்தோம்.

அடுத்தது குழாய். நான் வாங்கி வைத்திருந்தது சாதாரண பில்லர் காக். அதன் வாய் பலகையிலிருந்து நாலு அங்குலம்கூட எழாது, கிண்ணத்தின் விளிம்போ ஐந்தரை. குழாய் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றது! டேபிள் டாப்புக்கென்றே ‘டால் பாடி’ என்று உயரமான பில்லர் காக் விற்கிறார்கள். தண்ணீர் வரும் வாய்க்கும் விளிம்புக்கும் நடுவில் நாலைந்து அங்குலம் இருந்தால் கை தாராளமாக நுழையும், ஆகவே எனக்குத் தேவைப்பட்டது பலகையிலிருந்து வாய் வரை பத்து அங்குலம். அதற்கும் மேலே போனால் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சட்டையெல்லாம் தெறிக்கும். குழாய் முன்னால் எவ்வளவு நீள்கிறது என்பதையும் பாருங்கள். தண்ணீர் ஓட்டையின் பக்கத்தில் விழ வேண்டும். குட்டையாக நீண்டால் கிண்ணத்தின் பின்சரிவில் மோதி, அப்படியே நம் பக்கம் திரும்பி வரும். வாங்குவதற்கு முன், கிண்ணத்தை வைத்து ஓட்டையின் நடுவிலிருந்து குழாய்த் துளையின் நடு வரை டேப்பால் அளந்து, அந்த அளவைக் கடைக்காரரிடம் சொன்னால் போதும்.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் பலகைக்கு அடியில் ஈரம் நின்றது. வாஷரை மாற்றினோம், டெஃப்லான் சுற்றினோம், நிற்கவில்லை. கடைசியில் கழற்றிப் பார்த்தால் காரணம் பேசினின் ஓட்டையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங். அதில் இரண்டு வகை உண்டு. ஹாஃப் த்ரெட் கப்ளிங்கின் கழுத்தில் நீளவாக்கில் துளை இருக்கும். பேசின் நிரம்பினால் ஓவர்ஃப்ளோ துளை வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் கழிவுக் குழாய்க்குப் போகும். ஃபுல் த்ரெட்டில் அந்தத் துளை கிடையாது. என் கிண்ணத்தில் ஓவர்ஃப்ளோ இல்லை, டேபிள் டாப்பில் பெரும்பாலும் இருக்காது. அதில் ஹாஃப் த்ரெட்டைப் போட்டதால், இறங்கும் தண்ணீர் கழுத்துத் துளை வழியாக வெளியே வந்து, மரைகளின் ஊடே கசிந்துகொண்டிருந்தது. ஓவர்ஃப்ளோ இருந்தால் ஹாஃப் த்ரெட், இல்லாவிட்டால் ஃபுல் த்ரெட். இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டும் 32 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அப்புறம், சாப்பாட்டுக் கை கழுவும் இடத்தில் அமுக்கினால் மூடும் பாப்-அப் வேண்டாம். மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கை சிக்கிக்கொள்ளும். சாதாரண சல்லடை மூடியே நல்லது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சுவரில் மாட்டும் பேசினுக்கு மொத்த பாரமும் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. நம் பக்கத்துப் பழைய சுவர்கள் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். துளை போடும்போது பொடி மெத்தென்று கொட்டி, இறுக்கிய போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றினால் அந்த இடம் தாங்காது என்று அர்த்தம். யாராவது கையூன்றிச் சாய்ந்தால் பேசினே கழன்று வரும். அதோடு குழாயை உள்ளே பதிக்க அந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சை வெட்டினால், சிமெண்டு வைத்து அடைத்த தடம் காலத்துக்கும் தெரியும்.

பெடஸ்டலில் பேசினுக்கு அடியில் ஒரு கால் நிற்கும், பாரத்தின் பெரும்பகுதி அதன் வழியாகத் தரைக்குப் போகிறது. சுவரில் போல்ட் வேண்டும்தான், ஆனால் அது ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கிறது. பெரும்பாலும் குழாய்த் துளையும் ஓவர்ஃப்ளோவும் பேசினிலேயே இருக்கும். ஆகவே சாதாரண பில்லர் காக், ஹாஃப் த்ரெட் கப்ளிங், வேலை முடிந்தது. உயரம் மட்டும் கம்பெனி வைத்ததுதான், குறைக்க முடியாது. கடையிலேயே காலோடு சேர்த்து நிறுத்தி, வீட்டில் குள்ளமானவரைக் கை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் கழிவுக் குழாயின் வாய் காலின் மறைவுக்குள் வர வேண்டும். பேசினின் நடுக்கோட்டில், தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலத்துக்குள் வைத்தால், பேசினுக்கு அடியில் மாட்டும் பாட்டில் ட்ராப் பொதுவாக அடங்கும். ட்ராப்பின் வெளிவாயைவிடச் சுவர் வாய் மேலே போனால் தண்ணீர் சரியாக வடியாமல் குழாயிலேயே தேங்கும், அதனால் பேசினையும் ட்ராப்பையும் வாங்கி வைத்து அளந்த பிறகே பிளம்பரைச் சுவரில் கை வைக்க விடுங்கள். காலைத் தரையோடு வெள்ளை சிமெண்டு வைத்து ஒட்ட விடாதீர்கள், சிலிகான் போதும். ட்ராப்பின் அடிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிச் சோற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க வேண்டிய நாள் வரும், அன்று கால் நகர வேண்டும். அடைத்தால் ஆசிட் ஊற்றவும் வேண்டாம். ஒரு சொட்டு ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தாலும் அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் என்றால் ஒன்று. ட்ராப்பில் நிற்கும் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். படைப்புக்கு வந்து கதவைத் திறந்ததும் இரண்டாங்கட்டு நாறுவது பெரும்பாலும் இதனால்தான், குழாய் உடைந்து அல்ல. கிளம்பும் அன்று ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றி, ஓட்டையை ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.