டிஷர்ட் படத்தில் மடிப்பு குறுக்கே ஓடுகிற லோகோவை எப்படி எடுப்பது? ஹீலிங் பிரஷ் போட்டால் மடிப்பும் சேர்ந்து அழிந்துபோகிறது.

ஹீலிங் பிரஷ் பக்கத்துத் துணியைக் கொண்டுவந்து ஒட்டுகிறது, அதனால்தான் மடிப்பு பாதியில் அறுந்து நிற்கிறது. உங்களுக்கு வேண்டிய மடிப்போ லோகோவுக்குள்ளேயே இருக்கிறது. மை துணியின் நிறத்தை மறைத்திருக்கிறதே தவிர, அதன்மேல் விழுந்த நிழலை மறைக்கவில்லை.

போன மாதம் எனக்கு வந்த படம் ஒன்று: வெள்ளை டிஷர்ட், நெஞ்சில் சிவப்பு வட்டம், அதன் குறுக்கே சாய்வாக இரண்டு மடிப்பு. அதே டிஷர்ட்டை அச்சு இல்லாமலும் விற்கிறார்கள், ஆனால் அச்சிட்டதை மட்டும்தான் படமெடுத்திருந்தார்கள். போட்டோஷாப்பில் Ctrl+3 அழுத்தி சிவப்பு சானலைத் தனியாகப் பார்த்தேன். சிவப்பு மை அங்கே கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் தெரியும். வட்டம் மங்கலான கறை மாதிரி இருந்தது, இரண்டு மடிப்பும் முழுசாக இருந்தன.

சரி, Ctrl+2 அழுத்தி முழுப் படத்துக்குத் திரும்பி, ஒரு Channel Mixer லேயர் போட்டு, Monochrome டிக் செய்து, Red 100, மற்ற இரண்டும் 0 என்று வையுங்கள். மாஸ்க்கைக் கறுப்பாக்கி, லோகோ மேல் மட்டும் வெள்ளையால் தீட்டுங்கள். JPEG படத்தில் நிறம் ஓரத்தில் கசிந்திருக்கும், அதனால் இந்த மாஸ்க் இரண்டு மூன்று பிக்சல் வெளியே போனாலும் நல்லதுதான்.

அடுத்து அந்தக் கறை. என் படத்தில் வெளித்துணி 225, வட்டத்துக்குள் 200. பலரும் இங்கே Brightness-இல் Use Legacy டிக் செய்து 25 சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 140 இருந்த மடிப்பு நிழல் 165 ஆகி வெளுத்துவிடும். மை ஒளியை ஒரு விகிதத்தில்தான் குறைக்கிறது, ஆகவே பெருக்கித்தான் சரிசெய்ய வேண்டும். Levels லேயரில் வலது கோடி முக்கோணத்தை 227-க்கு நகர்த்தினேன். 200 என்பது 225 ஆனது, 140 என்பது 157 ஆனது. வட்டத்துக்கு வெளியே அதே மடிப்பை அளந்தால் ஏறக்குறைய அதுதான். இந்த Levels லேயரின் மாஸ்க் மட்டும் லோகோ ஓரத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும்.

அப்புறமும் ஓரத்தில் மெல்லிய வளையம் நிற்கும். புது லேயரில் சின்ன Clone Stamp வைத்து, மடிப்பு ஓடும் திசையிலேயே இழுத்து மூடுங்கள். அந்த இடம் உயிரற்ற சாம்பலாகத் தெரிந்தால், பக்கத்துத் துணியின் நிறத்தை எடுத்து Color மோடில் லேசாகப் பூசுங்கள். எல்லாம் முடிந்ததும் மேலே தற்காலிகமாக ஒரு செங்குத்தான Curves போட்டுப் பாருங்கள், மிச்சம் இருந்தால் வட்டம் உடனே காட்டிக்கொடுக்கும்.

நீல லோகோ என்றால் நீல சானல். கறுப்பு லோகோவுக்கு இது கைகொடுக்காது. எந்தச் சானலிலும் கறுப்பு கறுப்புதான், அங்கே மடிப்பை நீங்களே வரைய வேண்டியிருக்கும். அதைவிட வெற்று டிஷர்ட்டை வாங்கி மறுபடி படமெடுப்பது சீக்கிரம் முடிகிற வேலை.