தலைமை அலுவலகக் கணக்கும் கிளைக் கணக்கும் ஒத்துப்போகாதபோது

கேள்வி: "பொள்ளாச்சியில் தலைமை அலுவலகம், கொழிஞ்சாம்பாறையிலும் பாலக்காட்டிலும் கிளைகள். தேங்காய் எண்ணெய் வியாபாரம். மார்ச் 31 அன்று எங்கள் ஏட்டில் கொழிஞ்சாம்பாறைக் கிளை 4,12,000 பற்று. அவர்கள் ஏட்டில் தலைமை அலுவலகம் 2,83,000 வரவு. 1,29,000 எங்கே? சஸ்பென்ஸில் போட்டுவிடலாமா?"

சஸ்பென்ஸில் போடாதீர்கள், அடுத்த மார்ச்சில் அந்தத் தொகையைப் பிரித்தெடுக்கவே முடியாது. கடைசியாக இரண்டும் ஒத்துப்போன தேதியிலிருந்து தொடங்கி, உங்கள் பற்றை அவர்கள் வரவோடும், உங்கள் வரவை அவர்கள் பற்றோடும் வரிவரியாக டிக் அடியுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தின் லாரி ரசீதுகளையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிக் விழாமல் நிற்பவைதான் வித்தியாசம். உங்கள் தொகைக்குப் பொருந்தும்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மார்ச் 30-இல் நீங்கள் அனுப்பிய எண்ணெய் 80,000, ஐ.ஜி.எஸ்.டி. 5% சேர்த்து 84,000. லாரி சேர்ந்தது ஏப்ரல் 1. கிளை ஏட்டில் மார்ச் 31 தேதியிட்டு, வழியிலுள்ள சரக்கு 80,000, வர வேண்டிய இன்புட் கிரெடிட் 4,000 என்று பற்று வைத்து, தலைமை அலுவலகத்துக்கு 84,000 வரவு வையுங்கள். சரக்கு கைக்கு வந்த பிறகே கிரெடிட் எடுக்க முடியும் என்பதால்தான் அந்த 4,000 தனியாக நிற்கிறது. கிளையின் இருப்பு 3,67,000 ஆகிவிடும். இதை ஒரே ஏட்டில் மட்டும் செய்யுங்கள். நீங்களும் பொள்ளாச்சியில் திருப்பி எழுதினால் அதே 84,000 எதிர்ப்பக்கம் வித்தியாசமாக முளைக்கும்.

கிளை 31-ஆம் தேதி அனுப்பிய 25,000 காசோலை உங்களுக்கு ஏப்ரலில்தான் வந்தது. உங்கள் ஏட்டில் வழியிலுள்ள பணம் பற்று, கிளை வரவு. இருப்பு 3,87,000.

மிச்சமுள்ள 20,000 பெரும்பாலும் கண்ணில் படாத வகை. கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறது. கிளைகள் ஒன்றின் பேரில் ஒன்று கணக்குத் திறக்கக் கூடாது. அனுப்பியவர் தலைமை அலுவலகத்தைப் பற்றும், பெற்றவர் அதை வரவும் வைப்பார்கள். நடுவில் நீங்கள் பாலக்காடு பற்று, கொழிஞ்சாம்பாறை வரவு என்று எழுத வேண்டும். அதை விட்டால் பாலக்காட்டுக் கணக்கிலும் அதே 20,000 எதிர்த்திசையில் இடிக்கும், அதுவே அடையாளம். இரண்டும் ஒரே கேரளப் பதிவெண்ணில் இருந்தால் இதற்கு வரி இல்லை, டெலிவரி சலான் போதும்.

இப்போது இரு ஏட்டிலும் 3,67,000. ஒன்றுசேர்த்த ஐந்தொகையில் இரண்டும் அடிபட்டுப்போகும். வழியிலுள்ள சரக்கும் பணமும், வர வேண்டிய இன்புட் கிரெடிட்டும் சொத்துப் பக்கத்தில் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் சிறிய தொகை ஏதாவது மிஞ்சினால், அது ஏதேனும் ஒரு இன்வாய்ஸின் சரியாக 5 சதவீதமா என்று பாருங்கள். எல்லை தாண்டிய சரக்கை வரியோடு நீங்கள் பற்று வைக்க, வரியை விட்டுவிட்டு விலையை மட்டும் கிளை வரவு வைத்திருக்கும்.