கணக்குப் பரீட்சைக்கு முந்தின மாலை: அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசலாம்?

"பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். பாதிப் பேர் 'ஃபெயில் ஆயிடுவோம் டீச்சர்' என்று இப்போதே அழுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?"

புதுக் கணக்கு எதையும் எடுக்காதீர்கள். தெரியாத ஒன்றைக் கரும்பலகையில் பார்த்தால், தெரிந்த இருபதும் மறந்துபோன மாதிரி பிள்ளைக்குத் தோன்றிவிடும்.

"பயப்படாதே" என்று சொல்வதாலும் பயம் போகாது. பலகையில் பெரிதாக 35 என்று எழுதி, அது எங்கிருந்து வரும் என்று பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் வினா பதினான்கில் பத்து சரி என்றால் 10. வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. அதில் இரண்டு போனாலும் 14. இரண்டு மதிப்பெண் வினாவில் ஆறு சரியென்றால் 12. மொத்தம் 36. ஐந்து மதிப்பெண் பகுதியை இன்னும் தொடவே இல்லை, அங்கே 50 காத்திருக்கிறது. அழுகிற பிள்ளைக்கு இந்தக் கூட்டல்தான் மருந்து. எண்களை நீங்கள் சொல்லாமல் அதன் வாயிலிருந்தே வரவழையுங்கள்.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு கணக்கை நிதானமாகச் சேர்ந்து போடுங்கள். வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது இதற்கு ஏற்றது. விட்டம் 6 செ.மீ., மையம் O-விலிருந்து P 5 செ.மீ. தூரத்தில் என்று கொடுங்கள். முதலில் உதவிப் படம். அடுத்து 3 செ.மீ. ஆரத்தில் வட்டம், OP கோடு, அதன் மையக்குத்துக்கோடு. அது OP-ஐ வெட்டும் இடம் M. M-ஐ மையமாக வைத்து, MO ஆரத்தில் இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டும் புள்ளிகள் A, B. PA, PB-ஐ வரைந்தால் அவைதான் தொடுகோடுகள். அளந்தால் 4 செ.மீ. வர வேண்டும், 25-லிருந்து 9 போனால் 16, அதன் வர்க்கமூலம் 4 என்று சரிபார்ப்பும் எழுதலாம்.

அவசரத்தில் விட்டத்தையே ஆரமாக எடுத்து 6 செ.மீ. திறந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அப்போது P வட்டத்துக்குள்ளேயே விழுந்துவிடும். 'P உள்ளே போனால் கேள்வியைத் திரும்பப் படி' என்று இப்போதே சொல்லிவையுங்கள். அளவு 4.1 என்று வந்தால் மொக்கைப் பென்சிலோ, ஆடுகிற கவராயத்துத் திருகோ காரணமாக இருக்கும். எல்லோரும் அங்கேயே பென்சிலைச் சீவி, திருகை இறுக்கிப் பெட்டியில் வைக்கட்டும். கைக்கு ஒரு வேலை கிடைத்தாலே படபடப்பு பாதி இறங்கிவிடும்.

கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு மூன்று சொல் போதும். நான்காவது சொன்னால் மூன்றும் தங்காது.

முதலாவது, வினாத்தாள் படிக்கத் தரும் 10 நிமிடம் பற்றி. முதலில் 28-ஐயும் 42-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கட்டாய வினா. பல பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு அதிகமாக வேறொன்றை எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காது. மீதி நேரத்தில் எந்தெந்தக் கேள்வி என்று முடிவெடுத்துவிட்டால் எழுதும்போது தடுமாற்றம் இல்லை.

இரண்டாவது, நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, வடிவியலும் வரைபடமும் 30, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80. மிச்சம் 15 நிமிடம். ஒரு கணக்கில் 3 நிமிடம் நகரவில்லை என்றால், எழுதிய படியை அடிக்காமல் இடம் விட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். சூத்திரத்துக்கும் சரியான படிக்கும் மதிப்பெண் உண்டு, அடித்துவிட்டால் அது போச்சு. எல்லாமே மறந்த மாதிரி இருந்தால் பேனாவைக் கீழே வைத்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடட்டும். ஐந்து முறை. இதையும் வகுப்பிலேயே ஒருமுறை செய்துபாருங்கள்.

மூன்றாவது, அந்த மிச்சப் பதினைந்து நிமிடத்துக்கு. வினா எண் சரியா, ஒரு மதிப்பெண்ணில் 'ஆ' என்ற குறியீட்டோடு விடையும் எழுதியிருக்கிறதா, வரைபடத்தில் அளவுத்திட்டம் இருக்கிறதா, வரைபடத்தாள் கட்டியாயிற்றா. இந்த நான்கு மட்டும் பார்த்தால் போதும். முழுக் கணக்கையும் திரும்பப் போட உட்காரக் கூடாது. சரியாக இருந்ததைத் திருத்திக் கெடுப்பது அப்போதுதான்.

அனுப்புமுன், தேர்வு மையம் வேறு ஊரில் என்றால் எந்தப் பிள்ளை எந்தப் பஸ்ஸில் வரும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான பஸ் தவறினால்கூட ஒன்பதரைக்குள் மையத்தில் நிற்க அடுத்த வழி என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹால் டிக்கெட்டை இரவே பெட்டியோடு வைக்கச் சொல்லி, இருட்டுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.